இலை சமைக்கும் கதை

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை முடித்த எட்டு வயதுப் பிள்ளையிடம், "செடி எதைச் சாப்பிடுது?" என்று கேட்டுப் பாருங்கள். "மண்ணை" என்றோ "உரத்தை" என்றோ பதில் வரலாம். பாடத்தைச் சுருக்கிச் சொல்ல உட்காரும்போது முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இந்தத் தப்பெண்ணத்தைத்தான். அதை அசைக்காத சுருக்கம், எத்தனை எளிமையாக இருந்தாலும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

அதனால் பச்சையம், சமன்பாடு, மாவுச்சத்துச் சோதனை எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். மிஞ்சுவது ஒன்றுதான்: செடி தன் உணவைத் தானே செய்துகொள்கிறது. அதைப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்:

"செடிக்கு இலைதான் அடுப்படி. வேர் தண்ணி கொண்டுவரும். இலையில கண்ணுக்குத் தெரியாத குட்டித் துளைகள் இருக்கு. அது வழியா காத்து உள்ளே போகும். வெயில்தான் அடுப்புத் தீ. தண்ணியும் காத்தும் சேர்ந்து சர்க்கரை ஆகும். அதை வச்சுத்தான் செடி வளருது."

ஒரு வரிக்கு ஒரு செய்திதான். "தண்ணீர், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்து உணவாகிறது" என்று ஒரே மூச்சில் சொன்னால், வெயிலும் பானைக்குள் போகும் பண்டம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். தீ பானைக்குள் போவதில்லை. ஆனால் அது இல்லாமல் எதுவும் வேகாது. உரத்துக்கும் இதே அடுப்படியில் இடம் உண்டு. அது உப்பு மாதிரி. கொஞ்சம் வேண்டும், ஆனால் உப்பே சோறாகிவிடாது.

இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. நம் வீட்டில் அரிசி ஏற்கெனவே உணவுதான். அதை வேகவைக்கிறோம், அவ்வளவே. இலையோ உணவே அல்லாத இரண்டிலிருந்து உணவை உண்டாக்குகிறது. இந்த வித்தியாசத்தையும் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

மண் உணவல்ல என்பதற்குச் சாட்சியாக ஒரு பழைய சோதனை இருக்கிறது. வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 ராத்தல் காய்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 ராத்தல் கூடியது. மண்ணில் குறைந்தது சுமார் இரண்டு அவுன்ஸ்தான். 1648-இல் அச்சேறிய அவருடைய நூலில் இது இருக்கிறது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. "அவர் எதை விட்டுட்டார்?" என்று கேட்டால், காற்று வரும் துளைகள் பிள்ளைக்கு நினைவுக்கு வரும்.

புரிந்ததா என்று பார்க்க, அதே வரிகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேளுங்கள்: "செடியை இருட்டு அறையில வச்சு, தண்ணியும் உரமும் நிறையப் போட்டா என்ன ஆகும்?" "உரம் போட்டா வளரும்" என்றால் பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. "தீ இல்லையே, எப்படிச் சமைக்கும்?" என்று கேட்டால் பாடம் புரிந்துவிட்டது, பச்சையம் என்ற சொல்லை அன்றைக்கே சொல்லிக்கொடுக்கலாம்.