மேடையில் மூன்று நிமிடம்

சின்னக் கம்பெனிகளின் ஆண்டு விழாவில் சிறந்த ஊழியருக்கான பாராட்டுரை பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுபவர் என்று சொல்லிச் சால்வை போர்த்திவிடுவார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அதே உரை பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் பொருந்தும். கீழே இருப்பவர்களுக்கு இது உடனே புரிந்துவிடுகிறது. ‘இவருக்கு ஏன்?’ என்ற முணுமுணுப்பு கிளம்புவதும் இதனால்தான்.

உரை தயாரிக்கும் வேலையைப் பேனாவோடு தொடங்கக் கூடாது. அந்த ஊழியர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்த் தொடங்க வேண்டும். திருப்பூரில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு பனியன் கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கட்டிங் பகுதியில் பண்டல் கட்டும் ஓர் அக்காவுக்கு விருது. ‘நல்லா வேலை பார்ப்பாங்க’ என்கிறார் சூப்பர்வைசர். அதோடு விடாமல், ‘அவங்க ஒரு வாரம் லீவு போட்டா இங்கே என்ன குழப்பம் வரும்?’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் விஷயம் வெளியே வரும். “ஷேடு கலந்துடும் சார். அட்டை போட்டதே அவங்கதான்.”

சாயப்பட்டறையில் ஒரே நிறத்தைச் சொல்லி வாங்கினாலும் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் மெல்லிய வேறுபாடு இருக்கும். ஒரு லாட்டின் கைப்பகுதியை இன்னொரு லாட்டின் உடம்புப் பகுதியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அந்தச் சட்டை செகண்ட்ஸ்தான். அந்த அக்கா லாட்டுக்கு ஒரு நிற அட்டையைப் பண்டலில் கட்டத் தொடங்கினார். சிவப்பு அட்டை போட்ட உடம்புக்குச் சிவப்பு அட்டை போட்ட கை. படிக்கத் தெரியாத ஹெல்பருக்கும் இதில் குழப்பமில்லை.

அடுத்து செக்கிங் நோட்டைப் புரட்ட வேண்டும். அட்டை வருவதற்கு முன் ஒரு மாதம் ஷேடு கலந்து ஒதுக்கியது 60 பீஸ், வந்த பிறகு ஒரு மாதம் 4 பீஸ் என்று நோட்டு சொல்வதாக வைத்துக்கொள்வோம். இங்கேதான் பேசுபவர்கள் தடுமாறுவார்கள். ‘இவரால் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் மிச்சம்’ என்று உற்சாகத்தில் சொல்லிவிடுவார்கள். அதே சமயத்தில் சாயப்பட்டறையை மாற்றியிருந்தால்? ஆர்டரே குறைந்திருந்தால்? கட்டிங் மாஸ்டருக்கு அது தெரியும்; அவர் முகம் சுருங்கும். நோட்டில் இருப்பதைச் சொன்னால் போதும், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம்.

இப்போது உரையை எழுதலாம். தமிழில் மூன்று நிமிடம் நிதானமாகப் பேச முந்நூறு சொல்லுக்குள்தான் பிடிக்கும். அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“இந்த வருஷம் சிறந்த ஊழியர் விருது, கட்டிங்ல பண்டல் கட்டுற நம்ம அக்காவுக்கு. ஜனவரியில ஷேடு கலந்து 60 பீஸ் ஒதுக்கினது உங்க எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு யாரும் சொல்லாமலே, பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, கலர் பூசி, லாட்டுக்கு ஒரு அட்டை கட்டினாங்க. கட்டிங் மாஸ்டர் அதை எல்லா டேபிளுக்கும் கொண்டுவந்தார். போன மாசம் செக்கிங் நோட்டுல இருக்கிறது 4 பீஸ். அக்கா, நன்றி.”

மாஸ்டரைப் பற்றிய அந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது. யோசனை ஒருவருடையது, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது இன்னொருவர். அவரை விட்டுவிட்டால் பாராட்டு கிடைத்த அக்காவுக்கே மறுநாள் சங்கடம். ‘மத்தவங்க யாரும் கவனிக்கல’ என்ற ஒப்பீடும் இதே சங்கடத்தைத்தான் உண்டாக்கும். வீட்டுக் கஷ்டம், கணவரின் நோய், கடன் என்று உருக்கமாகப் பேசும் ஆசையையும் அடக்க வேண்டும். அவரிடம் முன்கூட்டிக் கேட்டு, அவர் சரியென்று சொன்னால் ஒழிய அதெல்லாம் மேடைக்கு வரக் கூடாது.

பெயரைக் கடைசிவரை மறைத்து வைப்பது பலருக்குப் பிடித்த உத்தி. எனக்கு அது ஒப்பவில்லை. கீழே இருப்பவர்கள் யார் யார் என்று ஊகித்துக்கொண்டே இருப்பார்களே தவிர, செய்த வேலையைக் கேட்க மாட்டார்கள். முதல் வரியிலேயே பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் ஆளை மேடைக்கு அழைப்பது உரை முடிந்த பிறகுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், எல்லோர் பார்வைக்கும் நடுவே மூன்று நிமிடம் நிற்பது கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பெரிய அவஸ்தை.

சான்றிதழிலும் ‘சிறந்த ஊழியர்’ என்று மட்டும் அச்சடிக்காமல், ‘லாட் வாரியாக நிற அட்டை முறையைத் தொடங்கியதற்காக’ என்று ஒரு வரி சேர்க்கலாம். நாளை வேறு கம்பெனியில் வேலை கேட்டுப் போகும்போது, அவர் என்ன வேலை தெரிந்தவர் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.