இழுத்தால் நீளும் நேரம்

இந்தோனேசியாவில் ஒரு தெருக்கூட்டத்துக்கு அழைப்பு வருகிறது: ‘பஅதா இஷா’, அதாவது இஷா தொழுகைக்குப் பிறகு. மணி எதுவும் குறிப்பிடவில்லை. தொழுகை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். முதலில் வந்தவர்கள் தேநீரோடு ஊர்க்கதை பேசுவார்கள். போதிய ஆட்கள் சேர்ந்ததும் கூட்டம் தொடங்கும். கடைசியாக வருபவர், ஜகார்த்தா என்றால், ‘மாச்செட்’ என்று போக்குவரத்து நெரிசலைக் காட்டிச் சிரிப்பார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்குத்தான் ‘ஜாம் காரெட்’, ரப்பர் நேரம், என்று இந்தோனேசியர்களே கேலியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு எழுந்து போவதைவிடத் தாமதமாக வருவது அங்கே சிறிய குற்றம்.

ஆனால் இந்த ரப்பர் எல்லோருக்கும் ஒரே அளவு நீள்வதில்லை. அதிகாரி தாமதித்தால் விழா காத்திருக்கும். கடைநிலை ஊழியர் தாமதித்தால் திட்டு விழும். ரமலானில் நோன்பு திறப்பதோ நிமிடக் கணக்கு. ரயிலும் யாருக்காகவும் நிற்காது. அங்கே போகிறவர்கள் விருந்துக்குச் சற்றுத் தாமதிக்கலாம், ரயில் நிலையத்துக்கு முன்னதாகவே போய்விடுங்கள்.