காலரில் தங்கும் வயது

வீட்டில் பெரியவர் படுக்கும் அறையில் ஒரு வாடை இருந்தால், 'சரியாகக் குளிப்பதில்லை' என்று பழி உடனே அவர் மேல் விழும். இது எப்போதும் நியாயமல்ல. அந்த வாடையில் ஒரு பங்கு தோலின் எண்ணெயிலிருந்து வருவது.

2001இல் ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவன ஆய்வாளர்கள் 26 முதல் 75 வயது வரை உள்ளவர்களின் உடல் வாடையைக் கருவியில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 2-நோனெனல் என்ற பொருள் 40 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டுமே தென்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் புல்லும் கலந்தாற்போல ஒரு வாடை அதற்கு. பழசாகிப்போன பீரில் அட்டைப்பெட்டி நெடி அடிப்பதும் இதே பொருளால்தான்.

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் தரும் கொழுப்பில் பால்மிட்டோலிக் அமிலம் போன்ற சில அமிலங்கள் உண்டு. அந்த ஆய்வில், வயது கூடக் கூட இந்த வகை அமிலங்களும், ஆக்சிஜன் பட்டுக் கெட்ட கொழுப்பும் தோலில் அதிகமாக இருந்தன. இரண்டும் சேரும்போது அமிலம் உடைந்து நோனெனல் பிறக்கிறது. திறந்து வைத்த தேங்காய் எண்ணெய் நாள்பட்டுக் காறிப்போவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அக்குள் வியர்வை நாற்றம் வேறு. அது பாக்டீரியாவின் கைவேலை. நோனெனலோ எண்ணெயோடு ஒட்டும், தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் ஆள் குளித்து முடித்த பிறகும் சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் வாடை மிச்சமிருக்கிறது. அவற்றை வெந்நீரில் சோப்புத்தூளோடு ஊறவைத்துத் துவைப்பது, பெரியவரை இன்னொரு முறை குளிக்கச் சொல்வதைவிடப் பலன் தரும்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் 2008இல் தோல் வாடையை ஆராய்ந்தபோது நோனெனல் சிக்கவில்லை. வயதோடு கூடும் வேறு சில பொருள்களே கிடைத்தன. 2012இல் அதே மையம் இன்னொன்று செய்தது. இளையோர், நடுவயதினர், 75 முதல் 95 வயதினர் ஆகியோர் அக்குளில் பஞ்சுப்பட்டை வைத்த சட்டையோடு ஐந்து இரவு தூங்கினார்கள். அந்தப் பட்டைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் போட்டு இளைஞர்களிடம் முகரக் கொடுத்தார்கள். முதியோர் வாடையை அவர்களால் ஓரளவு பிரித்தறிய முடிந்தது. ஆனால் அதுதான் மிதமானது, அருவருப்புக் குறைந்தது என்றும் அவர்களே சொன்னார்கள். மோசம் என்று பெயர் வாங்கியது நடுவயது ஆண்களின் வாடை!

ஆக, வயதாவதால் வரும் வாடை மெல்லியது, மெதுவாக வருவது. சில நாளில் திடீரென வாடை மாறினால் காரணம் வேறாக இருக்கலாம். மூச்சில் பழ வாடையோ நகப்பூச்சு நீக்கி நெடியோ அடித்தால் கட்டுக்கடங்காத சர்க்கரை நோயையும், அமோனியா நெடி அடித்தால் சிறுநீரகக் கோளாறையும் டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். அப்போது சோப்பை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.