போனில் ஓடும் படம் டிவியில் ஏன் சுற்றுகிறது?

போனில் தடையில்லாமல் ஓடுகிற படம், அதே வீட்டு டிவியில் அடிக்கடி நின்று வட்டமாகச் சுற்றுகிறது. இணைப்பு கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், வேகம் சரியாகத்தான் வருகிறது என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ரவுட்டர் வரை வேகம் வந்துவிடுகிறது. அங்கிருந்து டிவி வரையிலான சில அடிகளில் தொலைந்துபோகிறது.

இந்த வழக்கில் போன் நம்பத் தகுந்த சாட்சி அல்ல. கையில் இருப்பதால் ரவுட்டருக்கு அருகிலேயே இருக்கும். வைஃபை தளர்ந்தால், பல போன்கள் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டிவி அப்படியல்ல. சுவரோடு ஒட்டி மாட்டப்பட்டு, ஆன்டெனாவைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் கிடைக்கிற சிக்னலை மட்டும் வாங்குகிறது. ஆகவே முதல் வேலை, போனை டிவியின் நிலைமைக்குக் கொண்டுவருவது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, டிவி எந்த வைஃபை பெயரில் இணைந்திருக்கிறதோ அதே பெயரில் போனை இணைத்து, டிவியின் பின்புற விளிம்பருகே பிடித்து fast.com தளத்தைத் திறந்து பாருங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நூறு எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் வாசல் பக்கம், டிவி ஒரு சுவர் தாண்டி உள்ளறையில். சோபாவில் போனில் பார்த்தால் 90 காட்டுகிறது. மேலே சொன்னபடி டிவியருகே பார்த்தால் 6. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும், 4கே படத்துக்கு 15-ம் பரிந்துரைக்கிறது. ஆக, 6 என்பது எச்டிக்கே இழுத்துப் பிடிக்கிற அளவு. பக்கத்து வீட்டில் யாராவது ஏதாவது தரவிறக்கினால் போதும், வட்டம் சுற்றத் தொடங்கிவிடும்.

காரணம், டிவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. இந்த அலைவரிசை சுவர்களைத் தாண்டி நன்றாகப் போகும். அதே குணத்தால் மாடிவீட்டு ரவுட்டரும் எதிர்வீட்டு ரவுட்டரும் நம் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றே. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அதே இடத்தில்தான் நெரிகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும்.

நம் வீட்டின் ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால், டிவி 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ரவுட்டர் அமைப்பில் போய் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, டிவியை 5-இல் இணைத்தால் அதே இடத்தில் 50-க்கு மேல் வரக்கூடும். பட்டியலில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே தெரியவில்லையென்றால், டிவிக்கு அந்த அலைவரிசை இல்லாமலிருக்கலாம். விலை குறைந்த மாடல்களில் இது சகஜம். அல்லது அது படிக்காத சேனலில் ரவுட்டர் இருக்கலாம். சேனலை 36-க்கு மாற்றிப் பாருங்கள்.

சிக்னலின் வலுவை இலவச வைஃபை ஆப்கள் டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் எதிர்மறையில் இருக்கும். டிவியருகே −60-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. −75-க்குக் கீழே போனால், பெயரை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரையே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் லேன் கேபிள் இழுக்க வேண்டும். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும் என்றாலும், 4கே படத்துக்கு அது தாராளம்.

பலரும் முதலில் கைவைப்பது டிஎன்எஸ்ஸில். ஆப் கேட்கிற தளத்தின் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்வதே அதன் வேலை. அது மந்தமானால் ஆப் திறக்கத் தாமதமாகும், படங்களின் வரிசை வெறுமையாக நிற்கும், படம் தொடங்க நேரமாகும். ஓடத் தொடங்கிய படம் பாதியில் நிற்பதற்கு அது காரணமாவது அரிது. தொடக்கத்திலேயே தடுமாற்றம் என்றால் மட்டும் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு டிவியில் இதை மாற்ற, வைஃபை பெயரைத் திறந்து ஐபி அமைப்பை Static ஆக்க வேண்டியிருக்கும். அப்போது டிவிக்கு நாம் தருகிற முகவரியை ரவுட்டர் பிறகு வேறொரு போனுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும், இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். ரவுட்டரிலேயே டிஎன்எஸ்ஸை மாற்றுவது பாதுகாப்பு. மாற்றியபின் நிலைமை மோசமானால் பழையதற்கே திரும்புங்கள். சில டிஎன்எஸ்கள் அருகிலுள்ள சர்வரை விட்டு, தொலைவிலுள்ள சர்வருக்கு நம்மை அனுப்பிவிடுவதுண்டு.