நேர வலயம் மாறும் திரைப்பிடிப்புகளும் புகாருக்கான காலவரிசையும்

ஊரில் இருப்பவரும் வெளிநாட்டில் இருப்பவரும் சேர்ந்து ஒரு பண மோசடியில் சிக்கினால், இருவர் கைப்பேசிகளிலும் எடுத்த திரைப்பிடிப்புகளே (ஸ்கிரீன்ஷாட்) பெரும்பாலும் முதல் ஆதாரமாகின்றன. அவற்றில் தெரியும் மணியை அப்படியே வரிசைப்படுத்தினால் நிகழ்வுகள் முன்பின்னாக மாறிவிடக்கூடும். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் காட்டுவது செய்தி அனுப்பியவரின் ஊர் நேரத்தை அன்று. பார்க்கும் கைப்பேசி எந்த நேர வலயத்தில் அமைக்கப்பட்டுள்ளதோ அந்த நேரத்தையே காட்டுகின்றன. இராஜபாளையத்தில் காலை 5:50 எனத் தெரியும் செய்தி, அதே நொடியில் லண்டனில் வேறொரு மணியைத் தாங்கி நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காகப் புனைந்த நிகழ்வு. மகன் லண்டனில் படிக்கிறார். தந்தை இராஜபாளையத்தில் இருக்கிறார். சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வீட்டு முகவர் ஒருவருடன் மூவருமாக ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நாள் 27 அக்டோபர் 2024. மகனின் திரைப்பிடிப்பு ஒன்றில், "அறை உறுதி, முன்பணம் அனுப்புங்கள்" என்ற செய்திக்கு 1:20 என்ற மணி உள்ளது. மற்றொன்றில், "அறை வேறொருவருக்குப் போய்விட்டது" என்ற செய்திக்கு 1:10 என்று உள்ளது. தந்தையின் யுபிஐ ரசீதில் பணம் போன நேரம் காலை 6:02.

மணியை மட்டும் பார்த்தால், அறை இல்லை என்று 1:10-க்கே சொல்லப்பட்டதாகத் தோன்றும். முகவர் முன்னரே எச்சரித்தார், இவர்கள்தான் கேட்காமல் அனுப்பினார்கள் என்று வாதிட இது போதும். உண்மை வேறு. அன்று அதிகாலை 2 மணிக்கு பிரிட்டனில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரம் 1 மணிக்குத் திருப்பப்பட்டது. எனவே 1 மணி முதல் 2 மணி வரையிலான நேரம் லண்டனில் இருமுறை வந்தது. 1:20 முதல் முறை வந்தது. 1:10 இரண்டாம் முறை வந்தது. மணியைத் திருப்பும் வழக்கம் இந்தியாவில் இல்லாததால், ஊரிலிருந்து புகார் எழுதுபவருக்கு இது தோன்றுவதே இல்லை.

| நிகழ்வு | திரையில் உள்ளபடி | யூடிசி | இந்திய நேரம் |
|---|---|---|---|
| முன்பணம் கேட்டது | 1:20, லண்டன் | 00:20 | 05:50 |
| பணம் அனுப்பியது | 6:02, இராஜபாளையம் | 00:32 | 06:02 |
| அறை இல்லை என்றது | 1:10, லண்டன் | 01:10 | 06:40 |

யூடிசி என்பது ஒருங்கிணைந்த சர்வதேச நேரம். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. லண்டன் கோடையில் 1 மணி முந்தியிருக்கும், குளிர்காலத்தில் அதற்குச் சமமாகும். ஆகவே இந்தியாவுக்கும் லண்டனுக்கும் உள்ள இடைவெளி ஒருபோது நாலரை மணி, ஒருபோது ஐந்தரை மணி. மேற்கண்ட இரண்டு செய்திகளுக்கும் நாலரை மணியையே கூட்டினால் 'அறை இல்லை' 5:40-க்குப் போய்விடும்; ஐந்தரை மணியையே கூட்டினால் பணம் கேட்கும் முன்பே பணம் போனதாகிவிடும். அந்த நாளுக்கு எந்த ஒற்றை இடைவெளியும் பொருந்தாது.

வரிசையை உறுதி செய்தல்

எந்த 1:10 என்பதை மகனின் திரையில் உள்ள எண் சொல்லாது. உரையாடலை ஏற்றுமதி செய்த கோப்பும் உதவாது, ஏனெனில் அதிலும் நேர வலயம் குறிக்கப்படுவதில்லை. இங்கே தீர்வு தந்தையின் கைப்பேசி: அதே செய்தி அதில் 6:40 என்று தெரியும். இரண்டாவது சான்று, செய்திகள் திரையில் நிற்கும் இடம். 1:10 செய்தி 1:20 செய்திக்குக் கீழே உள்ளது. இதைக் காட்ட, ஒரு திரைப்பிடிப்பின் கடைசிச் செய்தி அடுத்ததன் முதல் செய்தியாக வருமாறு எடுக்க வேண்டும். தனித்தனியாக வெட்டிய படங்களில் இந்தச் சான்று அழிந்துவிடும். மின்னஞ்சலில் இத்தனை சிரமம் இல்லை. அதன் முழுத் தலைப்பில் `+0100` போன்ற இடைவெளி எழுதியே இருக்கும்.

`Screenshot_20241029-211500.png` என்பது போன்ற கோப்புப் பெயர் பெரும்பாலும் படம் எடுத்த நேரத்தைக் குறிக்கிறது, செய்தி வந்த நேரத்தை அன்று. ஆனால் "நேற்று" என்று மட்டும் காட்டும் செய்தியின் தேதியைக் கண்டுபிடிக்க அதுவே துணை. ஒரே நிமிடத்தில் வந்த செய்திகளை வெவ்வேறு செயலிகளிலிருந்து எடுத்திருந்தால், எது முதலில் என்று ஊகிக்காமல் "ஒரே நிமிடம், வரிசை தெரியவில்லை" என்றே எழுதுவது நல்லது. திரையில் உள்ள மணியைத் திருத்தி எழுதவே கூடாது. மாற்றிய நேரம் தனிப் பத்தியில் இருக்க வேண்டும்.

புகாரில் இணைத்தல்

இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணிலோ `cybercrime.gov.in` தளத்திலோ உடனே தெரிவிக்கலாம். காலவரிசை முழுமையாகும்வரை காத்திருந்தால் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறைகிறது. வழக்கு பின்னர் விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள திருவில்லிபுத்தூருக்குப் போகக்கூடும். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு எழுதப்படும். படத்தில் ஒரு வட்டம் வரைந்து சேமித்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். எனவே குறிப்புகளை நகலில் மட்டுமே எழுதி, மூலக் கோப்பையும் அது எடுக்கப்பட்ட கைப்பேசியையும் அப்படியே வைத்திருப்பது அவசியம்.