அடியில் பிதுங்கும் யானைக்கால்

முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு டப்பாவும் மூடியும் செய்தேன். அளவு சரிதான், ஆனால் மூடி உட்காரவில்லை. டப்பாவைத் திருப்பி அடிவிளிம்பில் நகத்தை ஓட்டினால் மெல்லிய உதடுபோல் ஒன்று தட்டுப்பட்டது. மூடியிலும் அதே உதடு. இதற்கு யானைக்கால் என்று பெயர். பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முதல் அடுக்கு தட்டில் ஒட்ட வேண்டும் என்பதற்காக நாசில் அதை அழுத்திப் பரப்புகிறது. பி.எல்.ஏ. என்றால் தட்டும் 60 டிகிரி சூட்டில் இருக்கும். இளகிய பிளாஸ்டிக் மேலே ஏறும் அடுக்குகளின் பாரத்தில் வெளியே பிதுங்குகிறது.

20 மி.மீ. கனசதுரம் ஒன்றை அச்சிட்டு காலிப்பரால் அளந்தேன். நடுவில் 20.0, அடியில் 20.4. அதாவது பக்கத்துக்கு 0.2 மி.மீ. கூடுதல். ஸ்லைசரில் கொடுக்க வேண்டியது இந்தப் பாதி அளவைத்தான், 0.4 என்று போட்டுவிடாதீர்கள். பிரூசாஸ்லைசரில் `Elephant foot compensation` என்ற இடத்தில் 0.2. குராவில் `Initial Layer Horizontal Expansion`, அங்கே கழித்தல் குறியோடு -0.2. ஸ்லைசர் முதல் அடுக்கை அந்த அளவு உள்ளே இழுத்து வரைகிறது. பிதுங்கியதும் சரியான கோட்டுக்கு வந்துவிடுகிறது.

அதிகம் கொடுத்தால் அடியில் உள்ள மெல்லிய எழுத்துகள் காணாமல் போகும், பிடிப்பும் குறையும். உதடு பல அடுக்கு உயரத்துக்கு ஏறியிருந்தால், முதலில் நாசிலைச் சற்று உயர்த்தி, தட்டின் சூட்டை 5 டிகிரி குறைத்துப் பாருங்கள்.