ஒரு வயிற்றுவலி, நான்கு கருவிகள்

எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை ரேடியோகிராஃபி மாணவர்கள் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு அவை அப்படிப் பிரிந்து வருவதில்லை. ஒரே நோயாளிக்கு எதை முதலில் எடுப்பது, எதைத் தவிர்ப்பது என்ற கேள்வியாகச் சேர்ந்தே வருகின்றன. அதனால் இந்த வாரம் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம்.

24 வயதுப் பெண். 18 வாரக் கர்ப்பம். நேற்று தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி இன்று வலப்பக்க அடிவயிற்றில் நிலைத்துவிட்டது. வாந்தியும் லேசான காய்ச்சலும் இருக்கின்றன. குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று அறுவை மருத்துவர் சந்தேகிக்கிறார். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றன. ஆனால் கர்ப்பத்தில் அவை இயல்பாகவே கூடும் என்பதால் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. படம் எடுத்தாக வேண்டும்.

எளிதில் கிடைப்பது எக்ஸ்ரே. உடலுக்குள் நுழையும் கதிரை ஒவ்வொரு திசுவும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வேறுபாடுதான் எக்ஸ்ரே படம். எலும்பிலுள்ள கால்சியம் அதிகம் உறிஞ்சுகிறது; நுரையீரலில் இருக்கும் காற்று ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை. அதனால் எலும்பு முறிவும் நிமோனியாவும் தெளிவாகத் தெரிகின்றன. குடல்வாலோ குடலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கிறது. இவை எல்லாம் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் உறிஞ்சுகின்றன. வீங்கிய குடல்வாலும் அக்கம்பக்கத்துத் திசுவும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். ஆகவே இந்தப் பெண்ணுக்கு வயிற்று எக்ஸ்ரே எடுப்பதில் பயனில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தராத படத்துக்காகக் கொடுக்கும் கதிர், எவ்வளவு குறைவாக இருந்தாலும், நியாயமற்றது. கதிர்ப் பாதுகாப்பின் முதல் விதியே இதுதான். அளவைக் குறைப்பது அதற்கு அடுத்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே பெண் மூச்சுத்திணறலோடு வந்து மருத்துவர் மார்பு எக்ஸ்ரே கேட்டால், கர்ப்பிணி என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. அதில் கருவைச் சேரும் கதிர் 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. எக்ஸ்ரே அறையில் கர்ப்பிணியைக் கண்டாலே பதறும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தேவையான படத்தை மறுப்பதும் நோயாளிக்குச் செய்யும் தீங்குதான்.

நம் நோயாளிக்கு முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட். இதில் அயனியாக்கும் கதிர் கிடையாது. ப்ரோபிலிருந்து கிளம்பும் ஒலி, மென்திசுவில் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போய், ஒரு திசு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைகளில் மோதித் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து ஆழத்தைக் கருவி கணக்கிடுகிறது. அதிர்வெண் கூடினால் படம் கூர்மையாகும். ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது.

குடல்வாலைத் தேட மருத்துவர் ப்ரோபை வயிற்றில் மெல்ல மெல்ல அழுத்துவார். நல்ல குடல் நசுங்கி விலகும்; உள்ளே இருக்கும் வாயுவும் விலகிப் பார்வைக்கு வழிவிடும். அழற்சி கண்ட குடல்வால் நசுங்காது. அதன் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்து, அழுத்திய இடத்தில் வலியும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கருப்பை வளர வளரக் குடல்வால் மேலே தள்ளப்படுகிறது. வழக்கமான இடத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். வாயு நிறைந்த குடல் குறுக்கே இருந்தாலும் ஒலி அதைத் தாண்டாது. அப்போது அறிக்கையில் ‘குடல்வால் காணப்படவில்லை’ என்று வரும். அதற்கு ‘குடல்வால் நன்றாக இருக்கிறது’ என்று பொருள் கொள்ளக் கூடாது. நோயாளியின் உறவினர் கேட்கும்போது “ஸ்கேன் நார்மல்” என்று டெக்னீஷியன் வாய் தவறிச் சொன்னால், அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடும் ஆபத்து உண்டு.

கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேன் என்பதால், வயிற்றுவலிக்கே எடுத்தாலும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ‘எஃப்’ படிவத்தை நிரப்ப வேண்டும்.

குடல்வால் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த படி எம்.ஆர்.ஐ. நம் உடலில் நீரும் கொழுப்பும் நிறைந்திருப்பதால் ஹைட்ரஜன் ஏராளம். காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சாய்ந்து சுழலும் பம்பரம்போல் ஆடுகின்றன. 1.5 டெஸ்லா கருவியில் அந்த ஆட்டத்தின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பி நிறுத்தினால், அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது சமிக்ஞை தருகின்றன. எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்பது திசுவுக்குத் திசு மாறுகிறது. அழற்சி கண்ட இடத்தில் நீர் கோத்திருக்கும். கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுக்கும் டி2 படத்தில் அந்த நீர் வெள்ளையாகப் பளிச்சிடும். எக்ஸ்ரேயில் கலந்து மறைந்த வேறுபாடு இங்கே கண்ணில் படுகிறது. கடோலினியம் மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும் என்பதால் அதைப் போடுவதில்லை. இந்தத் தேடலுக்கு அது தேவையும் இல்லை. கருப்பை பெரிதாகியிருந்தால், பெரிய ரத்தக்குழாய் அழுந்தாமல் இருக்க நோயாளியைச் சற்றே இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

கதிர் இல்லை என்பதால் எம்.ஆர்.ஐ. அறை ஆபத்தற்றது என்று எண்ணிவிடக் கூடாது. எக்ஸ்ரே கருவியில் பொத்தானை விட்டதும் கதிர் நின்றுவிடும். எம்.ஆர்.ஐ. காந்தமோ இரவில் திரை இருண்டிருக்கும்போதும், மின்சாரம் போன பிறகும் முழு வலுவோடு இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியுடன் வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரை இழுத்தது, அவர் உயிரிழந்தார். வாந்தியும் காய்ச்சலுமாக நள்ளிரவில் வரும் நம் நோயாளியோடு ஸ்ட்ரெச்சர், சிலிண்டர், பதற்றமான உறவினர் எல்லாம் வரக்கூடும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் தெறித்த இரும்புத் துகள் பற்றி நோயாளியிடம் கேட்பதோடு கடமை முடியவில்லை. கூட வருகிற ஒவ்வொருவரையும் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திக் கேட்க வேண்டும். அவசரம் என்பதற்காக இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

அந்த ஊரில் எம்.ஆர்.ஐ. இல்லையென்றால்? இருந்தும் இரவில் இயக்க ஆளில்லையென்றால்? அப்போது சி.டி. இதுவும் எக்ஸ்ரேதான். ஆனால் குழாய் உடலைச் சுற்றி வந்து பல கோணங்களில் அளப்பதால் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் குறுக்குவெட்டாகத் தெரிகின்றன. நீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று தொடங்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் கொழுப்பு சுமார் -100க்கு வரும். குடல்வாலைச் சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சி பரவினால் அந்தக் கருமை கலங்கிக் கோடுகோடாகத் தெரியும். ஐந்து பத்து விநாடிகளில் ஸ்கேன் முடிந்துவிடும்.

இதற்கான விலை கதிர். வயிறு, இடுப்பு சி.டி.யில் கருவுக்குச் சேர்வது பெரும்பாலும் 10 முதல் 35 மில்லிகிரே வரை. கருவில் குறைபாடு உண்டாக்கும் அளவு சுமார் 100 மில்லிகிரே என்று பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. ஒரு ஸ்கேன் அதற்கு வெகு கீழேதான். பிற்காலத்தில் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மட்டும் சிறிதளவு கூடுகிறது. குடல்வால் வெடித்தால் கருவை இழக்கும் அபாயம் அதைவிட மிகப் பெரிது. ஆகவே வேறு வழியில்லாதபோது, மருத்துவர்கள் முடிவெடுத்து, நோயாளியிடம் விளக்கி, சம்மதம் பெற்று எடுக்கலாம்.

அந்த முடிவு டெக்னீஷியனுடையது அல்ல. கருவுக்குச் சேரும் கதிர் அந்த வரம்பின் எந்த முனையில் நிற்கிறது என்பதோ பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. மருந்தில்லாமல் ஒரு முறை, மருந்தோடு ஒரு முறை என்று எடுத்தால் அளவு இரட்டிப்பாகும். ஒரே ஒரு முறைதான் எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஸ்கேன் எல்லையை மேலும் கீழும் நீட்டக் கூடாது. மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முன்னதாகவே ஒருமுறை பழக்கிவிட்டால், அசைந்து கெட்ட படத்தைத் திரும்ப எடுக்கும் நிலை வராது. ஸ்கேன் செய்யும் பகுதியில் ஈயக் கவசத்தைப் போடக் கூடாது. தானாகக் கதிரைச் சரிசெய்யும் அமைப்பு, கவசத்தை அடர்ந்த உடல் என்று எண்ணிக் கதிரைக் கூட்டிவிடலாம்.

முடிந்ததும் திரையில் வரும் CTDIvol, DLP எண்களைக் கர்ப்ப வாரத்தோடு சேர்த்துக் குறித்து வைக்க வேண்டும். “குழந்தைக்கு எவ்வளவு கதிர் போயிருக்கும் டாக்டர்?” என்று அந்தப் பெண் சில வாரம் கழித்து மகப்பேறு மருத்துவரிடம் கேட்பார். மருத்துவ இயற்பியலாளர் கணக்கிட்டுப் பதில் சொல்ல அந்த எண்கள்தான் வேண்டும்.

(தொடரும்)